காலர் மைக்கும் பட்டுப் புடவையும்

காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருவரைப் பேட்டி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். பட்டுப் புடவை மடிப்பில் காலர் மைக். "எங்க அப்பா காலத்துல, பட்டுக்கு சாயம் வீட்டுலயே போடுவோம்" என்கிறார். படம் அழகாக இருக்கிறது. ஹெட்போனை மாட்டிக் கேட்டால், கை அசையும்போதெல்லாம் 'சரக் சரக்' என்று புடவையும் கூடவே பேசுகிறது.

புதிதாக எடிட்டிங் செய்பவர்கள் முதலில் நாடுவது, பின்னணி இரைச்சலைக் குறைக்கும் கருவியை. அது மின்விசிறிக்கும் ஏசிக்கும் ஏற்றது. இரைச்சல் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தால்தான், அதன் மாதிரியை எடுத்து மொத்தப் பதிவிலிருந்தும் கழிக்க முடியும். துணியின் உரசல் அப்படியல்ல. ஒன்று போல இன்னொன்று இருப்பதில்லை. கணத்தில் வந்து கணத்தில் போய்விடும். கருவியின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் சரசரப்பு மிஞ்சும், குரல்தான் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

ஆகவே உரசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் நீக்க வேண்டும். பார்ப்பதற்கு உதவுவது ஸ்பெக்ட்ரோகிராம். இலவச மென்பொருளான ஆடாசிட்டியிலேயே டிராக்கின் மெனுவில் Spectrogram என்ற காட்சி உண்டு. இடமிருந்து வலமாக நேரம். கீழிருந்து மேலாகத் தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை. உயிரெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிடைக்கோடுகளாகத் தெரியும். உரசலில் அந்த வரிசை இராது. மேலிருந்து கீழாக இழுத்த மங்கலான தீற்றலாக இருக்கும். மைக்கின் மீதே துணியோ சங்கிலியோ இடித்திருந்தால், அடியில், 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு திட்டு தெரியும். பெண்குரலின் அடிப்படை ஒலி பெரும்பாலும் 160 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் என்பதால், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டிவிடலாம். ஆண்குரலில் இந்த எல்லையை 70, 80 ஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டும்.

தீற்றல்களை அப்படி மொத்தமாக வெட்ட முடியாது. அந்தப் பெண்ணின் வாக்கியத்தில் நான்கு இடங்களில் உரசல் இருக்கிறது என்று கொள்வோம். நான்குக்கும் நான்கு வைத்தியம்.

'காலத்துல' என்பதற்குப் பின்வரும் இடைவெளியில் விழுந்த உரசல் எளிது. அந்தத் துண்டை எடுத்துவிட்டு, அதே அறையில் யாரும் பேசாமல் பதிவுசெய்த ஒலியை அங்கே ஒட்ட வேண்டும். முழு மௌனத்தை வைத்தால் அறையே அணைந்துபோனது போலக் கேட்கும். இதற்காகவே அனுபவமுள்ள ஒலிப்பதிவாளர்கள் பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அரை நிமிடமாவது அசையாமல் இருக்கச் சொல்லி அறையின் ஒலியை எடுத்துக்கொள்கிறார்கள்.

'போடுவோம்' என்பதன் நெடிலில் விழுந்ததைப் பெரும்பாலும் தொடவே வேண்டாம். உரத்த குரல் அதை மறைத்துவிடும். அப்படியும் கேட்டால், தீற்றலின் மேல்பகுதியை மட்டும் தேர்ந்து, Spectral edit parametric EQ வழியாக 6 டெசிபல் குறைத்தால் போதும்.

'பட்டு' நுட்பமான இடம். 'ட்ட' என்று சொல்லும்போது நாக்கு காற்றை அடைத்துக்கொள்கிறது. மிகச் சிறிய நேரம் குரலே இல்லை. இரட்டித்த வல்லினம் நிறைந்த தமிழ்ப் பேச்சில் இத்தகைய இடைவெளிகள் ஏராளம். அதற்குள் நுழைந்த உரசல் பளிச்சென்று கேட்கும். அங்கேயும் அறையின் ஒலியை வைக்கலாம். ஆனால் நாக்கு விடுபடும் கணத்தின் வெடிப்பும் படத்தில் உரசலைப் போலவே செங்குத்தாகத் தெரியும். அதையும் சேர்த்து அழித்தால் 'பட்டு' மழுங்கிப்போகும்.

மிகக் கடினமானது 'சாயம்'. சகரமும் பட்டின் சரசரப்பும் ஒரே உயர் அலைவரிசையில் கலந்து கிடக்கின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும். இங்கே பிரிக்கப் போராடுவதைவிட மாற்றிவைப்பதே மேல். அவர் வேறோர் இடத்தில் சொன்ன 'சாயம்' என்ற சொல்லையோ அதன் சகரத்தை மட்டுமோ எடுத்து ஒட்டலாம். பூம் மைக்கோ கேமரா மைக்கோ தனியாகப் பதிந்திருந்தால் அந்த ஒரு சொல்லை அதிலிருந்து எடுக்கலாம். சற்றுத் தூரத்தில் ஒலிப்பது தெரியாமலிருக்க அறையின் ஒலி கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் கம்ப்ரஸர் போடுவதற்கு முன்பே செய்வது நல்லது. கம்ப்ரஸர் உரத்ததை அடக்கிச் சன்னமானதை மேலே கொண்டுவருவதால், குரலுக்குள் ஒளிந்திருந்த உரசல்களும் வெளியே வந்துவிடும்.

அளவு மீறிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. மூலப்பதிவின் பிரதிக்கும் அதே ஹை-பாஸ் ஃபில்டரைப் போட்டு, அதை Invert செய்து, திருத்திய டிராக்கோடு நேரம் பிசகாமல் சேர்த்து ஒலிக்கவிட வேண்டும். மாறாதவை ஒன்றையொன்று அழித்துவிடும். மாற்றிய இடங்கள் மட்டும் கேட்கும். உரசலைக் குறைத்த இடங்களில் சரசரப்பு மட்டும் கேட்டால் வேலை சரி. அவர் பேசும் சொற்கள் அடையாளம் தெரிந்தால் குரலும் வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்குத் திரும்பிப்போய் 6 டெசிபலை 3 ஆக்க வேண்டும்.