எடை அட்டையில் ஒரு புள்ளியும் ஒரு கோடும்



எங்கள் குழந்தைகள் நலப் பிரிவைப் பார்வையிட வரும் சபையார் பலர் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. "சிஸ்டர் பிள்ளையை எடை போட்டவுடன் ஓர் அட்டையை எடுத்துப் பேனாவால் புள்ளி வைக்கிறார்களே, அது எதற்கு?" என்பார்கள். இந்தமுறை அந்தப் புள்ளியைப் பற்றியே எழுதுகிறோம். அதைத் தவறாக வாசித்ததினால் நல்ல தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டின் பாலுக்குக் கடன் வாங்கின தாய்மாரை நாங்கள் கண்டிருக்கிறோம். அதைக் கவனியாமல் விட்டதினால் நோய் முற்றிய பின்பு தூக்கிக்கொண்டு வரப்பட்ட பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம்.

எடையை அட்டையில் குறித்து, அந்த அட்டையைத் தாயின் கையிலேயே கொடுத்தனுப்பும் வழக்கத்தைப் பல நாடுகளுக்குப் பரப்பியவர் டாக்டர் டேவிட் மார்லி. 1950-களின் பிற்பகுதியில் நைஜீரியாவிலுள்ள இலேஷா என்னும் ஊரில், மெதடிஸ்டு மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்தபோது அவர் இதை உருவாக்கினார். இன்று நம் நாட்டில் தாய்மாருக்குக் கொடுக்கப்படும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையிலுள்ள வளர்ச்சிப் படம், உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகளின்படி வரையப்பட்டது. இந்தியா உட்பட 6 நாடுகளில், தாய்ப்பால் குடித்து வளர்ந்த ஆரோக்கியமான குழந்தைகளை நிறுத்துப் பார்த்து அந்த அளவுகளை எடுத்தார்கள்.

படத்தின் கீழ்வரிசையில் வயது மாதங்களாகவும், இடது ஓரத்தில் எடை கிலோவாகவும் குறிக்கப்பட்டிருக்கும். முடிந்த மாதத்திலிருந்து மேல்நோக்கியும், எடையிலிருந்து வலப்பக்கமாகவும் சென்றால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். பின்பு முந்தின மாதப் புள்ளியோடு அதைக் கோட்டினால் இணைக்க வேண்டும். படத்தில் மூன்று நிறப் பட்டைகள் உண்டு. பச்சை சரியான எடை. மஞ்சள் குறைந்த எடை. அதற்கும் கீழேயுள்ள ஆரஞ்சு மிகவும் குறைந்த எடை. ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் தனித்தனிப் படங்கள் உண்டு.

நிறத்தைப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்றே யாருக்கும் தோன்றும். அது ஏன் போதாது என்பதை, எங்களிடம் வந்த இரண்டு பிள்ளைகளின் அட்டைகளைக் கொண்டு சொல்லுகிறோம்.

முதலாவது, 8 மாதப் பெண்குழந்தை. எடை 6.2 கிலோ. அந்த வயதில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவேயுள்ள கோடு 6.3 கிலோவில் இருக்கிறது. ஆகவே புள்ளி மஞ்சளில் விழுந்தது. உடன் வந்த மாமியார், "பக்கத்து வீட்டுப் பிள்ளை இதற்கு ஒரு மாதம் இளையது, அது 8 கிலோ இருக்கிறது. இவளுக்குப் பால் போதவில்லை, டின் பால் எழுதிக் கொடுங்கள் சிஸ்டர்" என்றார். தாய் அழுதுகொண்டிருந்தாள்.

நாங்கள் அட்டையின் பழைய புள்ளிகளைப் பார்த்தோம். பிறந்தபோது 2.3 கிலோ. 2-ம் மாதம் 3.8, 4-ம் மாதம் 4.9, 6-ம் மாதம் 5.6, இப்போது 6.2. அந்தந்த வயதுக்குரிய எல்லைக்கோடு முறையே 2.4, 3.9, 5.0, 5.7, 6.3. அதாவது, பிறந்த நாள்முதல் இந்தப் பிள்ளை அந்தக் கோட்டுக்கு 100 கிராம் கீழேயே, அதற்கு இணையாக ஏறிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு மாதமாவது அவள் கோடு சாயவில்லை. தாயும் சிறிய உருவமுடையவள். பிள்ளையின் நீளத்தை அளந்தோம். அந்த நீளத்துக்கு எடை பொருத்தமாகவே இருந்தது. புயத்தின் நடுச்சுற்றளவு 13.2 சென்டிமீட்டர். 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அது 12.5-க்குக் குறையாமலிருந்தால் மெலிவு இல்லை என்று கொள்ளலாம். அவள் உட்கார்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்பிள்ளைக்கு வியாதியில்லை, சிறியதாகப் பிறந்து, தன் வழியில் வளருகிறாள். ஆனாலும் மஞ்சள் பட்டையிலுள்ள பிள்ளையைப் பாராமல் விட்டுவிடுவதில்லை. 6 மாதம் முடிந்ததிலிருந்து கொடுக்கும் திட உணவு போதுமா என்று விசாரித்து, ஒரு வேளையைக் கூட்டச் சொன்னோம். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது என்று மாமியாரிடமே எடுத்துச் சொன்னோம். மாதம் ஒருமுறை எடை பார்க்க வரும்படி அனுப்பினோம்.

இரண்டாவது, 9 மாத ஆண்குழந்தை. சளிக்காக வந்தான். எடை 8 கிலோ. பச்சைப் பட்டையில் நன்றாக உள்ளே. அந்த வயதில் மஞ்சள் 7.1-க்குக் கீழேதான் தொடங்குகிறது. கன்னம் உப்பிய, அழகான பிள்ளை. சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் புள்ளிகளை இணைத்த சிஸ்டர் நிறுத்திவிட்டார். பிறந்தபோது 3.3, 3-ம் மாதம் 6.4, 6-ம் மாதம் 7.9, அதுவரை நடுத்தரக் கோட்டின்மேலேயே ஏறி வந்தவன். அதற்குப்பின் 7-ம் மாதம் 8, 8-ம் மாதம் 8, 9-ம் மாதமும் 8. கோடு தரையைப்போல் மட்டமாகிவிட்டது.

அந்த 3 மாதத்தில் நடுத்தரப் பிள்ளை ஒரு கிலோ ஏறும். இவன் ஏறியது 100 கிராம். நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இதே 8 கிலோவில் அவன் நின்றிருந்தாலும், புள்ளி மஞ்சளில் விழ 14-ம் மாதம் ஆகியிருக்கும். இன்னும் 5 மாதம், வளர்ச்சி நின்றுபோன ஒரு பிள்ளையைப் பார்த்து எல்லாரும் "பச்சைதானே" என்று சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.

காரணத்தைத் தேடினோம். அட்டை காரணத்தைச் சொல்லாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். 6-ம் மாதம் முடிந்தவுடன் தாய் மில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பகலில் பாட்டி பார்த்துக்கொண்டார். பாட்டி அன்பில் குறைவைக்கவில்லை. நாளைக்கு நான்கு முறை கஞ்சி கொடுத்தார். ஆனால் "குழந்தைக்குச் செரிக்க வேண்டுமே" என்று தண்ணீராகக் கரைத்து, புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். வயிறு நிறைந்தது, சத்து சேரவில்லை. சுத்தமில்லாத புட்டியினால் இரண்டு முறை வயிற்றுப்போக்கும் வந்திருந்தது. சிறுநீரில் கிருமி இல்லை என்று பரிசோதித்தோம். வீட்டில் காசநோய் உள்ளவர்கள் யாருமில்லை என்றும் விசாரித்துக்கொண்டோம்.

புட்டியை நிறுத்தி, கிண்ணமும் கரண்டியும் பழக்கச் சொன்னோம். கஞ்சி கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத அளவு கட்டியாக இருக்க வேண்டும் என்று பாட்டிக்குச் செய்தே காட்டினோம். பருப்புசாதத்தில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் அல்லது நெய், முட்டை, அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு, தாய் வேலைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் இரவிலும் தாய்ப்பால் என்று ஏற்பாடாயிற்று. 10-ம் மாதம் 8.5, 11-ம் மாதம் 8.9. கோடு மறுபடியும் ஏறத்தொடங்கியது.

மஞ்சளில் இருந்தவள் சுகமாயிருந்தாள். பச்சையில் இருந்தவன் ஆபத்திலிருந்தான். புள்ளி எந்த நிறத்தில் இருக்கிறது என்பதோடு, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்த்தாலொழிய இதை அறிய முடியாது.

ஆனால் மட்டமான கோடெல்லாம் மெய்யான ஆபத்து என்றும் எண்ணிவிடக்கூடாது. முதலாவது சந்தேகப்பட வேண்டியது தராசை. சென்ற மாதம் சட்டை, கொலுசு, வெள்ளி அரைஞாணோடு நிறுத்து, இந்த மாதம் அவற்றைக் கழற்றிவிட்டு நிறுத்தால், ஏறின எடையும் மறைந்துபோகும். தொங்கு தராசில் துணிப்பையின் எடையைக் கழிக்க மறந்தாலும் அப்படியே. ஆகவே சந்தேகம் வந்தால் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, பிள்ளையை உடையின்றி மறுபடியும் நிறுக்கிறோம். அடுத்து வயதைச் சரிபார்க்கிறோம். 2 மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளைக்கு அந்த 2 மாதத்தைக் கழித்தே புள்ளி வைக்க வேண்டும். அப்படிச் செய்தவுடன் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு வந்துவிட்ட பிள்ளைகள் உண்டு.

இயல்பாகவே ஏற்றம் குறையும் காலங்களும் உண்டு. பிறந்த முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பழைய எடை வந்துவிடும். முதல் 3 மாதம் மாதந்தோறும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய ஏறும் பிள்ளை, அடுத்த 3 மாதம் மாதம் அரை கிலோவும், அதன்பின் 300 கிராம் அளவிலும் ஏறும். "முதலில் வளர்ந்ததுபோல இப்போது வளரவில்லையே" என்று 5-ம் மாதத்தில் கவலையோடு வரும் தாய்மாருக்கு, படத்திலுள்ள கோடுகளே மேலே போகப்போகச் சாய்ந்து வருவதைக் காட்டுகிறோம். வாரந்தோறும் நிறுப்பதும் வேண்டாம் என்கிறோம். நிறுக்குமுன் குடித்த பாலும், பெய்த சிறுநீருமே ஒரு வாரத்து ஏற்றத்தை மறைத்துவிடும்.

காய்ச்சல் வந்த ஒரு மாதத்தில் எடை நின்றால், காரணம் தெரிந்ததாகையால், நன்றாக ஊட்டச் சொல்லி 2 வாரத்தில் மறுபடியும் பார்க்கிறோம். ஆனால் அடுத்தடுத்து 2 மாதம் கோடு மட்டமாயிருந்தால் காரணத்தைத் தேடியே தீருகிறோம். 3 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு ஒரு மாதம்கூடக் காத்திருப்பதில்லை. எடை இறங்கினாலும், பிள்ளை சோர்ந்து பால்குடிக்க மறுத்தாலும், புயச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களிலும் வீக்கமிருந்தால் எடையை நம்பவே கூடாது. உடம்பில் நீர் கோத்து எடை கூடும். அட்டையில் கோடு ஏறும். பிள்ளையோ மிகவும் மெலிந்துகொண்டிருக்கும்.

உங்கள் சபையிலோ குடும்பத்திலோ ஒரு தாய், "பிள்ளை எடை போடவில்லை" என்று சொல்லக்கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஆறுதலோ அச்சமோ சொல்லாதிருங்கள். "அட்டையைக் கொண்டு வா" என்று கேளுங்கள். ஒரே ஒரு புள்ளிதான் இருக்கிறதென்றால், அடுத்த மாதமும் போய் நிறுத்து வரச் சொல்லுங்கள். இரண்டு புள்ளிகள் சேர்ந்தால்தான் ஒரு கோடு கிடைக்கும்.