‘மொத்த டேட்டாவும் போச்சு!’ என்ற பிறகு எழுத வேண்டிய கடிதம்

இணையத்தில் புடவை விற்கும் ஒரு கடையை வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை காலை, ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஓடுகிறது:

“டேய், மொத்த டேட்டாவும் லீக் ஆயிடுச்சு!”
“ஹேக் பண்ணிட்டாங்களா? பாஸ்வேர்டும் போச்சா?”
“கூரியர்காரங்களுக்குப் போட்ட ஆர்டர் ஃபைல் பப்ளிக்ல கிடக்கு. திங்கட்கிழமை சாயங்காலத்துல இருந்து. ஒரு கஸ்டமர்தான் லிங்க்கோட சொன்னாரு.”
“இது யார் வேலைன்னு தெரியும்.”
“இப்ப பூட்டிட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

வாடிக்கையாளருக்கான அறிவிப்பு இந்த ஐந்து வரியிலிருந்துதான் பிறக்க வேண்டும். எழுத உட்காருபவர் முதலில் ஒவ்வொரு வரியையும் பார்த்து, இது தெரிந்ததா, பயத்தில் சொன்னதா என்று பிரிக்க வேண்டும். ‘மொத்த டேட்டா’ என்பது பயம். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் பெயர், முகவரி, கைபேசி எண், வாங்கிய பொருள், விலை மட்டுமே இருக்கின்றன. பாஸ்வேர்டு அதில் இல்லை. கார்டு விவரம் கடையிடமே இல்லை. பணம் வாங்குவது வேறொரு கட்டண நிறுவனம். ‘ஹேக்’ என்பதும் சரியல்ல. யாரும் பூட்டை உடைக்கவில்லை, கடைக்காரர்களே திறந்து போட்டுவிட்டார்கள். யார் வேலை என்பது உள்ளே விசாரிக்க வேண்டியது, வாடிக்கையாளருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதற்காக அந்த உரையாடலை அழித்துவிடக் கூடாது. எப்போது தெரிந்தது, எப்போது பூட்டினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

மூச்சு விடாமல் இருக்கவும் சட்டம் விடாது. இப்படிப்பட்ட சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022-ல் வந்த உத்தரவு. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது, அவருக்கு என்ன விளையலாம், நிறுவனம் என்ன செய்கிறது, அவர் என்ன செய்யலாம், யாரிடம் கேட்கலாம் என்று எளிய மொழியில் தெரிவிக்கச் சொல்கின்றன அவை. இந்தப் பகுதி நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. ஆனாலும் கடிதத்துக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

கை நடுங்கும் இடம் ஒன்று இருக்கிறது. ‘தகவல் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு ஆதாரம் இல்லை’ என்று எழுத எல்லாருக்கும் ஆசை வரும். அந்தக் கோப்பை யார் எடுத்தார்கள் என்ற பதிவே வைக்காத கடையிடமும் ஆதாரம் இருக்காதுதான்! நம் கடையில் நல்லவேளையாகப் பதிவு இருக்கிறது. கோப்பு 9 முறை இறக்கப்பட்டிருக்கிறது. ஏழு முறை கூரியர் நிறுவனம், ஒரு முறை தகவல் சொன்ன வாடிக்கையாளர். மிச்சம் ஒன்று யாரென்று தெரியவில்லை. அந்த ஒன்றைக் கடிதத்தில் சொல்லியாக வேண்டும்.

அறிவுரையும் கசிந்த பொருளுக்குப் பொருந்த வேண்டும். இங்கே ‘உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்’ என்பது வீண் வேலை. மாற்றியவர் ஆபத்து நீங்கியதாக நினைத்துவிடுவார். உண்மையான ஆபத்து தொலைபேசியில் வரும். என்ன புடவை, என்ன விலை என்று சரியாகச் சொல்லி ஒருவர் பேசினால் யார்தான் நம்பமாட்டார்கள்?

இவ்வளவும் தெளிந்த பிறகு கடிதம் இப்படி வரும்:

“வணக்கம். எங்களிடம் நீங்கள் தந்த ஆர்டரின் விவரங்கள் திங்கள் மாலை முதல் வியாழன் காலை வரை இணையத்தில் பிறர் பார்க்கும்படி இருந்துவிட்டன. இது எங்கள் தவறு, வருந்துகிறோம். உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண், வாங்கிய பொருள், விலை ஆகியவை அதில் இருந்தன. பாஸ்வேர்டு, வங்கி, கார்டு விவரங்கள் இல்லை. எங்களுக்குத் தெரியாத ஒருவர் இந்தக் கோப்பை ஒருமுறை எடுத்திருக்கிறார். வியாழன் காலையே அதை மூடிவிட்டோம். அரசு அமைப்புக்கும் தெரிவித்துவிட்டோம்.

உங்கள் ஆர்டரைக் குறிப்பிட்டு யாராவது பணமோ ஓடிபியோ கேட்டால், ‘முகவரியைச் சரிசெய்ய 5 ரூபாய் கட்டுங்கள்’ என்று லிங்க் அனுப்பினால், ஏற்காதீர்கள். நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். பாஸ்வேர்டை மாற்றத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் பில்லில் உள்ள எண்ணில் பேசுங்கள்.”

கடிதத்தில் ஒரு லிங்க்கூட இல்லாததற்குக் காரணம் உண்டு. செய்தி பரவியதும் மோசடிக்காரர்கள் இதே கடிதத்தைப் போலவே ஒன்றைத் தயாரித்து, கீழே ஒரு லிங்க் சேர்த்து அனுப்புவார்கள். அசலில் லிங்க் இல்லாவிட்டால் போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். அதனால்தான் தொலைபேசி எண்ணையும் வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே இருக்கும் பில்லில் பார்க்கச் சொல்கிறோம்.