நேபாளத்தின் கால் மணி நேரம்

இந்திய எல்லையைத் தாண்டி நேபாளத்துக்குள் நுழைந்தால் கடிகாரத்தைச் சரியாக 15 நிமிடம் முன்னே தள்ள வேண்டும். விசித்திரம்தான், ஆனால் கணக்கு எளிது.

பூமி ஒரு தீர்க்கரேகைப் பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. இந்தியா தன் பரப்பின் நடுவே செல்லும் 82.5 பாகையைத் தேர்ந்தெடுத்தது. அதை நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. முழு மணி வேண்டுமென்றால் 75 அல்லது 90 பாகைக்குப் போக வேண்டும். இரண்டும் நாட்டின் ஓரங்களுக்கே பொருந்தும்.

நேபாளமும் முன்பு இந்திய நேரத்தையே வைத்திருந்தது. 1986இல் கௌரிசங்கர் மலையையொட்டிய 86.25 பாகைக்கு மாறியது. பெருக்கிப் பாருங்கள்: 345 நிமிடம், ஐந்தே முக்கால் மணி. காத்மாண்டுவின் உண்மையான சூரிய நேரமோ ஏறக்குறைய 5 மணி 41 நிமிடம். ஆகவே சூரியக் கணக்கில் நேபாளத்தின் முடிவு நியாயமானதே.