மொய்யை நம்பி வாங்கும் கடன்

கல்யாணத்துக்குக் கடன் வாங்குகிற வீட்டில் எப்படி அடைப்பீர்கள் என்று கேட்டால், "மொய் வருமே" என்பார்கள். அண்ணன்மார்களே, அக்காமார்களே, அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மகள் கல்யாணத்துக்கு ஒருவர் மூன்று வட்டிக்கு 2 லட்சம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் மாத வட்டி 6,000. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 1,94,000 ரூபாய்தான் கையில் தருவார்கள். கல்யாணத்தன்று மொய் நோட்டைக் கூட்டினால் 1,50,000 வருகிறது. ஆனால் மண்டபத்து பாக்கி, சமையல்காரர், பந்தல்காரர், பூக்காரர் என்று எல்லோருக்கும் அன்றே கொடுத்தாக வேண்டும். மிஞ்சுவது நாற்பதாயிரம். அசலில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கொண்டுபோனால், வட்டிக்காரர் பலர் வாங்க மாட்டார்கள். அசலை மொத்தமாகக் கொடு என்பார்கள். அந்தப் பணம் தலைதீபாவளிச் சீருக்குக் கரைந்துவிடும். 34 மாதம் கழித்துப் பார்த்தால், வட்டியாக மட்டும் 2,04,000 கட்டியிருப்பார். வாங்கிய 2 லட்சம் அப்படியே நிற்கும்.

இதற்கு நடுவில் மொய் எழுதியவர்கள் வீட்டு விசேஷங்களும் வரும். நமக்கு 500 வைத்தவருக்கு நாம் கூட்டித்தான் வைக்க வேண்டும். மொய்யும் ஒரு கடன்தான். ஒரு கடனை நம்பி இன்னொரு கடன் வாங்கியிருக்கிறோம்.

வட்டி கட்ட முடியாத மாதத்தில்தான் தண்டல் வீட்டுக்குள் வருகிறது. தீபாவளித் துணிமணிக்கும் இதையேதான் பலரும் வாங்குகிறார்கள். 10,000 தண்டல் என்றால் கையில் 8,500; தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்து வருகிறீர்கள். பாதி நாள் போனதும் நம்மிடம் இருப்பது பாதிப் பணம்தான். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய பத்து வட்டி.

தமிழ்நாட்டில் அதிக வட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதல் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் மூன்றும் அதில் வருகின்றன. புகார் கொடுக்கப் போனால், கட்டியதற்கு நம்மிடம் ஒரு சீட்டும் இருப்பதில்லை. அவர்களிடமோ தொகை எழுதாத பத்திரத்தில் நம் கையெழுத்து இருக்கும். அப்படி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தேதி குறிப்பதற்கு முன்பே கையிருப்பு எவ்வளவு என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். மண்டபத்தை விட்டுக் கோயிலில் தாலி கட்டி, நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் சாப்பாடு போட்டால் பெரிய செலவு அங்கேயே குறையும். ஏற்கெனவே மூன்று வட்டியில் மாட்டியவர்கள், நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து அந்தக் கடனை முதலில் அடையுங்கள். வங்கி நகைக்கடன் வட்டி இதில் பாதிகூட வராது. மீட்கும் தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். தவறினால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.