கால் பங்குக்காரர் முழு நிலத்தையும் கிரயம் செய்தால்

அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய இரண்டு ஏக்கர் நஞ்சை. உயில் எழுதாமல் 2012-ல் இறந்துவிட்டார். அம்மா, ஒரு மகன், இரண்டு மகள்கள். மகள்கள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். ஊரிலேயே இருந்த மகன் பட்டாவைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, 2021-ல் இரண்டு ஏக்கரையும் ஒருவருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டார். மூத்த மகளுக்கு அது தெரியவந்தது 2023-ல், பங்கு கேட்டுப் போனபோதுதான். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட உதாரணம். ஆனால் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டால் தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும்.

முதலில் யாருக்கு எவ்வளவு என்று பார்ப்போம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. நான்கு பேருக்கும் சமமாகக் கால் பங்கு, அதாவது ஆளுக்கு 50 சென்ட். (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் கணக்கு மாறும்.) மகனிடம் விற்பதற்கு இருந்தது 50 சென்ட்தான். தன்னிடம் இல்லாத 150 சென்ட்டை அவர் யாருக்கும் கொடுக்க முடியாது. பத்திரம் பதிவாகிவிட்டது, பட்டா வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டது என்பதால் இது மாறாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான். அது யாரையும் சொத்துக்குச் சொந்தக்காரர் ஆக்குவதில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பத்திரம் முழுவதும் செல்லாத காகிதம் அல்ல. மகனின் கால் பங்கைப் பொறுத்தவரை அது செல்லும். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 44-வது பிரிவில், கூட்டுச் சொந்தக்காரர் தன் பங்கை விற்கலாம் என்கிறது. அதனால் வாங்கியவர் இனி வெளியாள் இல்லை. அண்ணன் இருந்த இடத்தில் அவர் ஒரு பங்காளி ஆகிவிட்டார். “கிரயத்தையே ரத்து செய்து நிலம் முழுவதையும் எங்களுக்கே திருப்பிக் கொடுங்கள்” என்று கேட்டுப் போகிறவர்கள் கடைசியில் ஏமாற்றத்தோடு திரும்புவது இதனால்தான்.

செய்தி தெரிந்தவுடன் பலர் காவல் நிலையத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் முதலில் போக வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். அப்பா இறந்த ஆண்டுக்கு முன்பிருந்தே வில்லங்கம் போட்டுப் பாருங்கள், tnreginet.gov.in தளத்திலேயே பார்க்கலாம். அதில் வரும் ஆவண எண்ணை வைத்துக் கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். யார் கேட்டாலும் கொடுப்பார்கள்.

நகல் கைக்கு வந்ததும் விலையைத் தேடாதீர்கள். “இந்தச் சொத்து எனக்குப் பாத்தியப்பட்ட விதம்” என்று விற்றவர் எழுதியிருக்கும் பத்தியைப் படியுங்கள். வழக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

அண்ணன் தானே ஒரே வாரிசு என்றோ, சொத்து தன் அனுபவத்தில் இருக்கிறது என்றோ மட்டும் எழுதியிருந்தால் தங்கைகளுக்கு வழி நேரானது. அந்தப் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே அதை ரத்து செய்யக் கோர வேண்டியதே இல்லை. தங்கள் பங்கை அது கட்டுப்படுத்தாது என்ற விளம்புகையும் பாகப்பிரிவினையும் கேட்டால் போதும். கையெழுத்துப் போட்டவர்தான் ரத்து கேட்க வேண்டும் என்ற வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2010-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அந்தப் பத்தியில் தங்கைகள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் ஒன்று குறிப்பிடப்பட்டிருந்தால் கதை மாறுகிறது. அதன் நகலையும் வாங்கிக் கையெழுத்தையும் கைரேகையையும் பாருங்கள். ஆள் மாறாட்டம் நடந்திருந்தால் போலி ஆவணக் குற்றம். அப்போது காவல்துறைப் புகாருக்கு முழு வலு உண்டு. “பட்டா மாற்ற வேண்டும், ஒரு கையெழுத்துப் போடு” என்று சொல்லி உண்மையாகவே கையெழுத்து வாங்கியிருந்தால், அதை ரத்து செய்ய வழக்குப் போட்டே ஆக வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. விற்கும் அதிகாரத்தோடு பொது அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தால் நிலத்தை மீட்பது கடினம். பெரும்பாலும் கிரயத் தொகைக்கு அண்ணனிடம் கணக்குக் கேட்பதில்தான் அது முடியும்.

போலிக் கையெழுத்து எதுவும் இல்லாமல், தன்னுடையதல்லாத பங்கைத் தன்னுடையது என்று சொல்லி விற்றது மட்டுமே நடந்திருந்தால், அது போலி ஆவணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. அங்கே ஏமாற்றப்பட்டவர் வாங்கியவர். மோசடிப் புகார் கொடுக்க உரியவரும் அவர்தான். “இது சிவில் விஷயம்” என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்புவதற்கு இப்படி ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் தமிழ்நாட்டில் வந்த 77-ஏ பிரிவையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் செல்லாது என்று சொல்லிவிட்டது.

ஆக, நம் உதாரணக் குடும்பத்துக்கு மிஞ்சுவது பாகப்பிரிவினை வழக்கு. அம்மாவும் இரண்டு மகள்களும் சேர்ந்து வாதிகளாகலாம். அண்ணன், வாங்கியவர் இருவரும் பிரதிவாதிகள். வாங்கியவரைச் சேர்க்காமல் பெறும் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தாது. அப்பாவுக்கு வேறு சொத்து இருந்தால் அதையும் சேர்த்தே கேட்க வேண்டும். வாங்கியவர் வேலி போட்டு உங்களை வெளியேற்றிவிட்டார் என்றால், உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். பங்கின் மதிப்பு 10 லட்சம் என்றால் 30,000 ரூபாய். வழக்கோடு இடைக்காலத் தடை மனுவையும் போடுங்கள். நிலத்தை மனைகளாகப் பிரித்து நாலு பேருக்கு விற்றுவிட்டால், அந்த நாலு பேரோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

“பட்டா அவர் பெயரில் இருந்தது, நம்பி வாங்கினேன்” என்று வாங்கியவர் சொல்வார். அது மட்டும் அவரைக் காப்பாற்றாது. இறந்தவர் பெயரிலிருந்து வந்த சொத்துக்கு வாரிசுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்காதவர், போதிய கவனத்தோடு வாங்கினேன் என்று சொல்வது கடினம். காலக்கெடு அப்படியல்ல. அண்ணன் கையில் இருந்தவரை, அவர் அனுபவம் எல்லாருடைய சார்பிலும் இருந்ததாகவே சட்டம் பொதுவாகக் கருதும். வெளியாள் வந்து முழு நிலமும் என்னுடையது என்று ஊரறிய ஆளத் தொடங்கினால் 12 ஆண்டுக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். 2021-ல் விற்ற நிலத்துக்கு 2034-ல் கிளம்பினால் எதிர்மறை அனுபவ உரிமை குறுக்கே நிற்கும்.

அண்ணனின் 50 சென்ட்டையும் வெளியாளுக்கு விட மனமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவு, ஒரு முதல் வகுப்பு வாரிசு தன் பங்கை விற்கும்போது மற்ற வாரிசுகளுக்கு வாங்கும் முன்னுரிமை தருகிறது. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் உறுதிசெய்தது. உரிய விலையைக் கொடுக்க வேண்டும், தெரிந்தவுடனே கேட்க வேண்டும். விற்கப்பட்டது குடும்பம் வாழும் வீடாக இருந்தால் இன்னும் ஒரு பாதுகாப்பு: வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூடக் குடியிருக்க உரிமை கோர முடியாது.

முதல் தீர்ப்பு பங்கை மட்டும் சொல்லும். பிறகு இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனு. அதில் வழக்கறிஞர் ஆணையரும் சர்வேயரும் வந்து அளந்து பிரிப்பார்கள். வாங்கியவர் ஒரு மூலையில் போர் போட்டு வீடு கட்டியிருந்தால், முடிந்தவரை அந்த மூலையையே அவருடைய 50 சென்ட்டாக ஒதுக்குவார்கள். ஆகவே ஆணையர் வரும் நாளில் நேரில் நின்று, பாதை எது, வாய்க்கால் எது என்று காட்ட வேண்டியது உங்கள் வேலை. இந்தக் கட்டத்தில் பல வாங்கியவர்கள் சமரசத்துக்கு வருவார்கள், ஏனென்றால் துண்டு நிலம் அவர்களுக்கு உதவாது. அப்போது 150 சென்ட்டுக்கும் இன்றைய விலையைக் கேளுங்கள். 2021-ல் அண்ணன் வாங்கிய தொகையைத் திரும்பப் பெறுவது வாங்கியவருக்கும் அண்ணனுக்கும் இடையிலான கணக்கு.