டாரட் படிக்கத் தொடங்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ டாரட் சீட்டுக்கட்டு வாங்கியிருக்கிறாய், எழுபத்தெட்டு சீட்டுக்கும் அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்கிறாய் என்று சித்தி சொன்னார்கள். அந்த மனப்பாடத்தை இன்றோடு நிறுத்திவிடு. ஒவ்வொரு சீட்டுக்கும் நாலைந்து சொற்களை நெட்டுரு போட்டால், சீட்டை எடுத்ததும் அந்தச் சொற்கள்தான் முன்னால் வந்து நிற்கும். படம் கண்ணில் படாது. டாரட்டில் படிக்க வேண்டியது படத்தை.

உன்னிடம் இருக்கும் கட்டு ரைடர்-வெய்ட்-ஸ்மித் என்றால் நல்லது. இல்லையென்றால் அதையே வாங்கு. யாராவது பரிசாகக் கொடுத்தால்தான் பலிக்கும் என்பார்கள், அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இந்தக் கட்டு 1909-ல் லண்டனில் வெளிவந்தது. திட்டம் வகுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட், எழுபத்தெட்டு படங்களையும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர். வெளியிட்ட கம்பெனியின் பெயரும் வெய்ட்டின் பெயரும்தான் பல காலம் பெட்டியின் மேல் இருந்தன. படம் போட்டவளின் பெயரை இப்போதுதான் சேர்த்துச் சொல்கிறோம். நீ அந்தப் பெயரை விடாமல் சொல்.

அவர் செய்த காரியம் பெரிது. டாரட், பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டு விளையாட்டாகப் பிறந்தது. எகிப்தின் ரகசிய ஞானம் இதில் ஒளிந்திருக்கிறது என்ற கதையை 1781-ல் பாரிஸில் கூர் த ஜெபெலின் என்பவர் எழுதினார். எகிப்தின் சித்திர எழுத்தை அன்று உலகில் யாராலும் வாசிக்க முடியாது, ஆகவே அந்தக் கதையை நீ நம்ப வேண்டாம். பழைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் எண் சீட்டுகளில் காட்சியே கிடையாது. கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பைகள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். ஸ்மித் அந்த நாற்பது எண் சீட்டுகளிலும் காட்சிகளை வரைந்தார், பெரும்பாலானவற்றில் மனிதர்களையே வைத்தார். அதனால்தான் புதிதாக வருபவர்கள் இந்தக் கட்டில் தொடங்க முடிகிறது.

கட்டை முதலில் பிரி. மேஜர் ஆர்க்கானா என்று சொல்லும் 22 பெரிய சீட்டுகளை எடுத்துத் தனியே வை. ராஜா, ராணி, குதிரைவீரன், பணியாள் என்று வரும் 16 சீட்டுகளையும் வை. பலர் பெரிய சீட்டுகளில்தான் பாடத்தைத் தொடங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மரணம், சாத்தான், இடிந்து விழும் கோபுரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. படிக்கத் தெரியாத காலத்தில் அவை வந்தால் மனம் கலங்கும். மிச்சமிருக்கும் நாற்பதில் அன்றாட வாழ்க்கை இருக்கிறது. இங்கும் பயமுறுத்தும் சீட்டு உண்டு. வாள் பத்தில் ஒருவன் முதுகில் பத்து வாள்கள் குத்தியிருக்க விழுந்து கிடப்பான். ஆனால் அதே படத்தின் அடிவானத்தில் விடிகிற மஞ்சள் வெளிச்சத்தையும் பார். இப்படி முழுப் படத்தையும் பார்க்கும் பழக்கம்தான் உனக்கு வேண்டியது.

நாலு இனங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்: கோப்பை மனசைப் பற்றியது, வாள் எண்ணமும் பேச்சும் சண்டையும், கோல் ஊக்கமும் முயற்சியும், நாணயம் பணமும் உடம்பும் பிழைப்பும்.

இனி முதல் பயிற்சி. நாலு ஐந்துகளையும் எடுத்து மேசையில் பக்கம் பக்கமாகப் பரப்பு. புத்தகத்தைத் தொடாதே. கோல் ஐந்தில் ஐந்து வாலிபர்கள் ஆளுக்கொரு தடியை உயர்த்திக்கொண்டு மோதுகிறார்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் யாருக்கும் அடிபட்டதாகத் தெரியாது. சண்டையா விளையாட்டா என்று உனக்கே சந்தேகம் வரும். வாள் ஐந்தில் ஒருவன் வாள்களை அள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறான். தோற்ற இருவர் முதுகு காட்டிப் போகிறார்கள். அவன் ஜெயித்துவிட்டான், ஆனால் அவன் பக்கத்தில் நிற்க ஆளில்லை. நாணயம் ஐந்தில் கந்தல் உடுத்த இரண்டு பேர் பனியில் நடக்கிறார்கள், ஒருவர் ஊன்றுகோலோடு. அவர்கள் தலைக்கு மேலே தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒளிர்கிறது. இருவரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கோப்பை ஐந்தில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர், கவிழ்ந்து கொட்டிப்போன மூன்று கோப்பைகளைப் பார்த்தபடி தலைகுனிந்து நிற்கிறார். பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் இருக்கின்றன. ஆற்றுக்கு அப்பால் ஒரு கட்டடம், அங்கே போக ஒரு பாலமும் இருக்கிறது.

நாலையும் பார்த்து முடித்ததும், ஐந்து என்றால் ஒன்று குலைந்துபோகும் இடம் என்று நீயே சொல்லிவிடுவாய். என்ன குலைகிறது என்பதை இனம் சொல்லும். இப்படி வாரத்துக்கு ஒரு எண் என்று எடுத்துக்கொள். எந்த எண்ணில் தொடங்கினாலும் பரவாயில்லை. பத்து வாரத்தில் நாற்பது சீட்டும் உனக்குப் பழகிவிடும்.

இதோடு தினம் காலையில் அந்த நாற்பதைக் கலைத்து ஒரே ஒரு சீட்டு எடு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது. யார் இருக்கிறார்கள், கை என்ன செய்கிறது, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பின்னால் என்ன. ‘இழப்பு’, ‘நம்பிக்கை’ மாதிரி சொற்கள் இந்தப் பகுதியில் வரக் கூடாது. அதன் கீழே, இந்தக் காட்சியில் இன்று என் கண் முதலில் எங்கே போனது, ஏன் என்று இரண்டு வரி. புத்தகத்தை அதற்குப் பிறகு திற. ரேச்சல் பொல்லாக் எழுதிய ‘செவன்ட்டி எய்ட் டிகிரீஸ் ஆஃப் விஸ்டம்’ ஒன்று போதும். இரவில் அதே பக்கத்தில் அன்று நடந்ததை ஒரு வரி எழுதி மூடிவிடு. தலைகீழாக வரும் சீட்டை நேராகத் திருப்பி வைத்துப் படி. தலைகீழுக்குத் தனி அர்த்தம் சொல்வதெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

சில வாரம் போனதும் ‘அப்படியே பலிக்கிறதே’ என்று சிலிர்ப்பு வரும். அங்கே கவனமாக இரு. 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு குணநலச் சோதனை வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாளில் முடிவைக் கொடுத்து, இது உனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி நாலுக்கு மேல் வந்தது. எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள், அதில் இருந்த வாசகங்களை ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். பொதுவான பேச்சை நமக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்வது எல்லார் மனசுக்கும் இயல்பு. இதை நீயே சோதிக்கலாம். வாரத்தில் ஒருநாள், எடுத்த சீட்டின் பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தில் வேறு எதாவது ஒரு பக்கத்தையும் திறந்து படி. அதுவும் அன்றைய நாளுக்கு அதே அளவு பொருந்துகிறதா? பெரும்பாலும் பொருந்தும். ஆகையால் நடக்கப்போவதைச் சீட்டு சொல்கிறது என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். நீ பார்க்காமல் விட்ட பக்கத்தில் ஒரு படத்தைக் கொண்டுவந்து வைக்கும், அதற்கு நீ சொல்லும் பதிலில் உன் மனசு தெரியும். எனக்கு இத்தனை வருஷமாக டாரட் தந்தது அதைத்தான். அது எனக்குக் குறைவாகப் படவில்லை.

நாற்பதும் பழகிய பிறகு மூன்று சீட்டு விரித்துப் பார். முதலில் கேள்வியைச் சரிசெய்ய வேண்டும். என் தோழி ஒருத்தி, ‘வெளியூர் வேலை கிடைக்குமா?’ என்று கேட்டபடி வந்தாள். கிடைக்கும், கிடைக்காது என்ற இரண்டில் ஒன்றைச் சீட்டால் சொல்ல முடியாது. ‘இந்த வேலை விஷயத்தில் நான் எதைக் கவனிக்கவில்லை?’ என்று மாற்றினோம். முதல் சீட்டு இப்போதைய நிலை, இரண்டாவது கவனிக்காதது, மூன்றாவது அடுத்துச் செய்யக்கூடியது என்று முன்கூட்டியே முடிவுசெய்தோம். எடுத்த பிறகு இடங்களை மாற்றினால் வேண்டிய பதிலை நாமே செய்துகொள்வதாகிவிடும்.

முதலில் நாணயம் இரண்டு வந்தது. உயரத் தொப்பி போட்ட ஒருவன் ஆடிக்கொண்டே இரண்டு நாணயங்களைச் சுழற்றுகிறான், பின்னால் அலையில் கப்பல்கள் ஏறி இறங்குகின்றன. வேலை, வீட்டில் உடம்பு சரியில்லாத மாமியார் என்று தானும் அப்படித்தான் ஆடுவதாகச் சொன்னாள். இரண்டாவது கோப்பை நாலு. மரத்தடியில் ஒருவன் கைகட்டி உட்கார்ந்து எதிரே உள்ள மூன்று கோப்பைகளையே பார்க்கிறான். மேகத்திலிருந்து ஒரு கை நாலாவது கோப்பையை நீட்டுகிறது, அவன் கவனிக்கவில்லை. நான் எதுவும் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, இப்போதிருக்கும் ஆபீஸிலேயே ஒரு பயிற்சிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள், சலிப்பில் பதில்கூடப் போடவில்லை என்றாள். மூன்றாவது நாணயம் எட்டு. ஒருவன் பலகையில் உட்கார்ந்து உளியும் சுத்தியலுமாக நாணயங்களைச் செதுக்குகிறான், ஊர் தூரத்தில் தெரிகிறது. ‘முதலில் கையில் வேலை ஏறட்டும்’ என்று அவளே சொல்லிக்கொண்டாள். பயிற்சி பற்றி விசாரித்துவிட்டு வெளியூர் வேலைக்கும் விண்ணப்பித்தாள். சீட்டு அவளுக்காக எதையும் முடிவுசெய்யவில்லை. மறந்துபோன ஒன்றை அவள் வாயிலிருந்து வரவழைத்தது. சீட்டு எடுத்ததும் ‘உனக்கு ஒரு வாய்ப்பு வருகிறது’ என்று நான் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. அடுத்தவருக்குப் படிக்கும்போது படத்தைக் காட்டி ‘இங்கே என்ன நடக்கிறது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்.

ஒரே கேள்விக்கு இரண்டாம் முறை கட்டைக் கலைக்கக் கை போனால், அன்றைக்கு எடுத்து உள்ளே வைத்துவிடு. பிடித்த சீட்டு வரும்வரை எடுப்பவருக்குப் பதில் வேண்டாம், ஆறுதல்தான் வேண்டும். அதை அம்மாவிடமோ என்னிடமோ கேட்டு வாங்கிக்கொள். இரவு தூக்கம் வராமல் எடுக்கவே எடுக்காதே. நோய், கர்ப்பம், ஆயுள், கோர்ட் வழக்கு பற்றி யார் கேட்டாலும் எடுக்க மாட்டேன் என்று சொல். டாக்டரிடமும் வக்கீலிடமும் போக வேண்டிய நேரத்தை உன் மேசையில் அவர்கள் செலவழிக்கக் கூடாது. ‘அவர் மனசில் நான் இருக்கிறேனா’ என்று இன்னொருவரின் மனசைத் துருவும் கேள்வியும் வேண்டாம். அவர் எதிரே இல்லை, நீ சொல்வதை மறுக்க அவருக்கு வழியில்லை. கற்றுக்கொள்ளும் காலத்தில் யாரிடமும் பணம் வாங்காதே. பணம் கை மாறிவிட்டால் ‘எனக்கு எதுவும் தோன்றவில்லை’ என்று சொல்ல நா எழாது. அந்த வாக்கியம் உனக்கு அடிக்கடி தேவைப்படும்.

பெரிய சீட்டுகளுக்கு நீ வந்து சேரும் நாளில் பதிமூன்றாம் எண் மரணத்தை முதலில் எடு. கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வரும், காலடியில் அரசன் கிடப்பான். அதற்குள் உனக்குப் படம் பார்க்கத் தெரிந்திருக்கும். குதிரைக்கு முன்னால் மண்டியிட்டிருக்கும் குழந்தையையும் தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தெரியும் சூரியனையும் தேடச் சொல்லி நான் எழுத வேண்டியிருக்காது.

இந்த வாரம் நாலு ஐந்துகளோடு தொடங்கு. முதல் ஏழு நாள் நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எங்கே படத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாய் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா வீட்டு அக்கா