கள அலுவலகக் கணக்கு – 7
இருபதாயிரம் எங்கே போனது?

தலைமை அலுவலகத்திலிருந்து தொலைவில் இருக்கும் கள அலுவலகங்களில் பெட்டி கேஷ் பற்றிப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் இரண்டு எண்கள் காதில் விழும். ஒன்று இம்ப்ரெஸ்ட் தொகை, மற்றது மாத வரம்பு. இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பேசுகிறார்கள். இந்த வாரம் அந்தக் குழப்பத்தைப் பார்ப்போம். களத்தில் நடக்கும் பாதிப் பணச் சண்டை இதிலிருந்துதான் கிளம்புகிறது.

இம்ப்ரெஸ்ட் என்பது கள அலுவலரின் கையில் நிரந்தரமாக இருக்கும் ஒரு நிலையான தொகை. அதிலிருந்து செலவு செய்து, வவுச்சர் அனுப்பினால், செலவான அளவு மட்டும் திரும்பி வரும். மாத வரம்பு என்பது அப்படித் திரும்பி வரும் தொகைக்கு ஹெட் ஆபீஸ் போடும் உச்சம். முதலாவது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பணம் திரும்பி வர ஆகும் நாட்கள் முடிவு செய்கின்றன. இரண்டாவதை ஆண்டு பட்ஜெட் முடிவு செய்கிறது.

நாகப்பட்டினம் கடலோரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கள அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். பெட்ரோல், ஆட்டோ, ஜெராக்ஸ், தண்ணீர் கேன், கூரியர், கூட்டத்துக்கு டீ என்று நாளொன்றுக்குச் சராசரியாக 1,100 ரூபாய் ரொக்கச் செலவு. மாதத்துக்கு 25 வேலை நாட்கள், ஆக 27,500 ரூபாய். ஏழு வேலை நாட்களுக்கு ஒருமுறை வவுச்சர்களைச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். அங்கே சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, பணம் வங்கிக்கு வர இன்னும் எட்டு வேலை நாட்கள். அதாவது இன்று செலவழித்த ரூபாய் திரும்பி வருவதற்குப் பதினைந்து வேலை நாட்கள்கூட ஆகலாம். பதினைந்தை 1,100-ஆல் பெருக்கினால் 16,500. கொஞ்சம் கைக்காவலாகச் சேர்த்து 20,000 ரூபாய் இம்ப்ரெஸ்ட் என்று வைப்பது நியாயம். மாத வரம்பு 30,000 என்று வைத்தால் சராசரி செலவுக்கு மேல் 2,500 மிஞ்சும். ஆண்டுக்கு 3,60,000. காகிதத்தில் எல்லாம் சரியாகவே தெரிகிறது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. பைக் போகாத ஊருக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும், தார்ப்பாய் வாங்க வேண்டும், அலுவலகத்துக்குள் புகுந்த தண்ணீரை இறைக்க மோட்டார் வாடகைக்கு எடுக்க வேண்டும். செலவு 42,000 ரூபாய் ஆகிறது. ஹெட் ஆபீஸ் 30,000-ஐத் தருகிறது. மீதி வவுச்சர்களுக்கு, “சார், இந்த மாச லிமிட் முடிஞ்சிருச்சு, அடுத்த மாசம் போட்டுக்கலாம்” என்று பதில். அந்த 12,000 எங்கிருந்து போனது? இம்ப்ரெஸ்ட்டிலிருந்து. ஆக, கையில் சுழலும் பணம் 8,000 ஆகச் சுருங்கிவிட்டது. நவம்பரிலும் மழை, மறுபடி 42,000. இருப்பதோ 8,000, வரப்போவது 30,000. கூட்டினால் 38,000. குறையும் 4,000 ரூபாயை யாரோ ஓர் ஊழியர் தன் சம்பளத்திலிருந்து போட்டிருப்பார், அல்லது டீக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கடன் சொல்லியிருப்பார்கள்.

டிசம்பரிலிருந்து செலவு பழையபடி 27,500-க்கு இறங்கினாலும் சிக்கல் தீராது. மொத்தப் பள்ளம் 24,000. மாதா மாதம் வரம்பில் மிஞ்சுவது வெறும் 2,500. பள்ளம் தூர்ந்து இம்ப்ரெஸ்ட் மறுபடி இருபதாயிரம் ஆவதற்குள் செப்டம்பர் முடிந்துவிடும். அடுத்த மழை வாசலில் நிற்கும். ஆண்டு முழுக்கப் பணத்தட்டுப்பாடு. வேடிக்கை என்னவென்றால் ஆண்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள்: பத்து மாதம் 27,500, இரண்டு மாதம் 42,000, மொத்தம் 3,59,000. பட்ஜெட்டைவிட ஆயிரம் ரூபாய் குறைவு! மிச்சமானது அடுத்த மாதத்துக்கு ஏறாது என்ற விதிதான் கழுத்தைப் பிடிக்கிறது.

வரம்பு போட்டவர்கள் செலவைக் கட்டுப்படுத்தியதாக நினைத்துக்கொள்கிறார்கள். செலவு நடந்தேதான் இருக்கிறது, அது கணக்கில் தெரிவதுதான் தள்ளிப்போகிறது. கூடவே பொய்யும் நுழைகிறது. அக்டோபர் வவுச்சரில் நவம்பர் தேதி போடுவார்கள். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், வெவ்வேறு தேதிகளில் பத்து வவுச்சர் இருந்தால் ஆடிட்டர் புருவத்தை உயர்த்துவார். ஒரு பில்லுக்கு உச்சம் 2,000 என்று விதி இருக்கும் இடத்தில், ஒரே கடையில் ஒரே நாளில் 1,950-க்கும் 1,900-க்கும் இரண்டு பில்கள் வந்தால் அதுவும் அப்படியே.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கூட்டல் போதும். எந்த நாளில் எண்ணினாலும், கையிலுள்ள ரொக்கம், இன்னும் அனுப்பாத வவுச்சர், அனுப்பிப் பணம் வராத வவுச்சர், ஊழியர்களிடம் சீட்டு வாங்கிக்கொண்டு கொடுத்த முன்பணம், இந்த நான்கும் சேர்ந்து இம்ப்ரெஸ்ட் தொகைக்குச் சமமாக வேண்டும். நம் அலுவலகத்தில் ஒரு ஜூலை 18-ஆம் தேதி முன்னறிவிப்பில்லாமல் எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். போன மழையின் பள்ளத்தை ஒதுக்கிவிட்டு, இம்ப்ரெஸ்ட் முழுசாக இருந்த வேறொரு வருடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் 4,150. கையிலுள்ள வவுச்சர் 5,350. சென்னைக்குப் போனது 8,000. ஊழியர் முன்பணம் 1,500. கூட்டினால் 19,000. ஆயிரம் குறைகிறது.

உடனே கேஷியரைச் சந்தேகிக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். முதலில் முந்தைய கோரிக்கையின் பணம் எவ்வளவு வந்தது என்று வங்கி ஏட்டைப் பாருங்கள். அனுப்பியது 9,000, வந்தது 8,000. கையெழுத்து இல்லாத ஆட்டோ வவுச்சர் ஒன்றை ஹெட் ஆபீஸ் தள்ளிவிட்டது. அந்தத் தகவலைக் கள அலுவலகம் எங்கும் பதிவு செய்யவில்லை. இனி கையெழுத்து வாங்கி மறுபடி அனுப்பலாம், முடியாவிட்டால் செலவு செய்தவரிடம் வசூலிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் விட்டால், தள்ளப்படும் ஒவ்வொரு வவுச்சரும் இம்ப்ரெஸ்ட்டைச் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டே இருக்கும். திருட்டால் குறைந்ததைவிட இப்படிக் குறைந்ததுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

மழை விவகாரத்துக்கு வருவோம். வரம்பை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதைப் பன்னிரண்டு சமத் துண்டாக வெட்டாதீர்கள் என்கிறேன். அதே 3,60,000-ஐ அக்டோபர், நவம்பருக்குத் தலா 42,000 என்றும், மற்ற பத்து மாதங்களுக்குத் தலா 27,600 என்றும் பிரித்தால் கூடுதலாக ஒரு பைசா வேண்டாம். சாதாரண மாதத்தின் செலவும் அதில் அடங்கிவிடும். பயிற்சி முகாம் போல முன்கூட்டியே தெரிந்த பெரிய செலவை இம்ப்ரெஸ்ட்டில் கலக்கவே கூடாது. அதற்குத் தனி முன்பணம் கேட்டு வாங்கி, தேதி குறித்துக் கணக்கு முடிக்க வேண்டும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளும் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைக்கின்றன. நிரந்தர முன்பணம் அலுவலகம் நடத்தத் தேவையான குறைந்தபட்சத் தொகையாக இருக்க வேண்டும். தனித் தேவைக்கு எடுத்த முன்பணத்துக்கு 15 நாட்களுக்குள் கணக்கு கொடுக்காவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். தனியார் நிறுவனங்களும் அந்தப் பதினைந்து நாளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எப்போதாவது வரம்பு மீறியே ஆக வேண்டும் என்றால், செலவுக்கு முன்பே மின்னஞ்சலில் கூடுதல் கோரிக்கை அனுப்பி, காரணத்தையும் தொகையையும் எழுதி, ஒப்புதலை அந்த மாத வவுச்சர்களோடு சேர்த்துக் கோத்து வையுங்கள். போனில் வாங்கிய சம்மதம் ஆடிட்டில் நிற்காது.

மார்ச் மாதத்துக்கு மட்டும் ஒரு தனிக் கவனம். வரம்பு முடிந்துவிட்டது என்று நிறுத்திவைத்த வவுச்சர்கள் இருந்தால், பணம் ஏப்ரலில் வந்தாலும் பரவாயில்லை, செலவை மார்ச் 31-க்குள் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போன ஆண்டின் பெட்ரோல் இந்த ஆண்டின் பட்ஜெட்டில் எரியும்.